ஜூம் கிளவுடு பதிவின் தலையையும் வாலையும் கத்தரிப்பது எப்படி?

கேள்வி: பிளஸ் டூ மாணவர்களுக்கு ஜூமில் இயற்பியல் வகுப்பு எடுக்கிறேன். பதிவு கிளவுடில் தானாகச் சேமிக்கப்படுகிறது. நேற்றைய பதிவு 1 மணி 24 நிமிடம். முதல் 12 நிமிடம் மாணவர்கள் வந்து சேரும்வரை காத்திருந்தது. அதற்குள் ஒரு மாணவனின் அம்மா, மகனுக்கு நடக்கும் சிகிச்சையைப் பற்றி என்னிடம் பேசினார். கடைசி 6, 7 நிமிடமும் தேவையற்ற பேச்சு. இவற்றை ஜூமிலேயே வெட்ட முடியுமா? வெட்டினால் அந்தப் பகுதி அழிந்துவிடுமா? இணைப்பை நேற்றிரவே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட்டேன்.

பதில்:

வெட்ட முடியும். வேறு மென்பொருள் எதுவும் வேண்டாம், ஜூமின் இணையதளத்திலேயே முடித்துவிடலாம். ஆனால் வெட்டிய பகுதி அழியாது. அந்த அம்மாவின் பேச்சு பதிவில் இருப்பதால், எப்படி வெட்டுவது என்பதைவிட இதைத்தான் நீங்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

ஜூமில் இந்த வேலைக்குக் கத்தரிக்கோல் படத்தை வைத்திருக்கிறார்கள். அதைப் பார்ப்பவர் எவரும் காணொளி இரண்டு துண்டாகி, வேண்டாத துண்டு குப்பைக்குப் போகிறது என்றுதான் நினைப்பார். நடப்பது அதுவன்று. "இந்த நொடியிலிருந்து அந்த நொடிவரை மட்டும் ஓட்டிக் காட்டு" என்று பதிவோடு சேர்த்து ஒரு குறிப்பு எழுதப்படுகிறது, அவ்வளவுதான். கடைக்காரர் புடவையை மடித்து முந்தானையை மட்டும் வெளியே தெரியும்படி வைப்பதைப் போன்றது இது. மடிப்புக்குள் முழுப் புடவையும் இருக்கிறது. எப்போது வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம். இதில் ஒரு நன்மையும் உண்டு. தவறான இடத்தில் வெட்டிவிட்டால் எதுவும் கெட்டுப்போவதில்லை, மறுபடி திறந்து முனைகளை நகர்த்திக்கொள்ளலாம். கெடுதலும் அதே இடத்தில்தான் இருக்கிறது: அந்தப் பதிவை யாராவது பதிவிறக்கம் செய்தால், மடிப்புக்குள் இருப்பதும் சேர்ந்து முழுசாகப் போய்விடும்.

ஆகவே உங்கள் நிலையில் நான் கத்தரிக்கோலைத் தொடுவதற்கு முன் இன்னொன்றைச் செய்வேன். இணைப்பு ஏற்கெனவே குழுவில் இருக்கிறது. நீங்கள் இதைப் படிக்கும் நேரத்திலும் யாராவது அதைத் திறக்கலாம். கணினியில் பிரவுசர் வழியாக zoom.us தளத்தில் உங்கள் கணக்கில் நுழையுங்கள். இடப்பக்கப் பட்டியலில் Recordings என்பதைச் சொடுக்கினால் கிளவுடு பதிவுகள் வரிசையாகத் தெரியும். நேற்றைய வகுப்பின் தலைப்புக்கு நேராக உள்ள Share பொத்தானை அழுத்துங்கள். பகிர்வு அமைப்புகள் திறக்கும். அங்கே, பார்ப்பவர்கள் பதிவிறக்கம் செய்துகொள்ளலாம் என்ற அனுமதி இருக்கும், அதை அணைத்துவிடுங்கள். வெட்டி முடிக்கும்வரை பகிர்வையே முழுவதும் நிறுத்திவைத்தால் இன்னும் நல்லது. அரை மணி நேரம் பதிவு கிடைக்கவில்லை என்று மாணவர்கள் கேட்டால், "சரிசெய்துகொண்டிருக்கிறேன்" என்று ஒரு வரி போட்டால் போதும்.

இதை நான் இவ்வளவு அழுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பயிற்சி மையத்தின் வகுப்புப் பதிவுகளை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் வகுப்பு முடிந்து மாணவர்கள் எல்லாரும் வெளியேறிய பிறகு இரண்டு பயிற்றுநர்கள், பதிவு ஓடுவதைக் கவனிக்காமல், யார் யார் தேறமாட்டார்கள் என்று பெயர் சொல்லிப் பேசிக்கொண்டிருந்தார்கள். ஒன்பது நிமிடம். நான் அந்த வாலைக் கத்தரித்துச் சேமித்து, இணைப்பைத் திறந்து பார்த்து, சரியான இடத்தில் நிற்கிறது என்று உறுதி செய்துகொண்டுதான் அனுப்பினேன். மூன்றாம் நாள் ஒரு மாணவர் என்னை அழைத்து, "சார், நான் தேறமாட்டேன் என்று இப்போதே முடிவு செய்துவிட்டார்களா?" என்று கேட்டார். அவருடைய வீட்டில் இணைய வேகம் குறைவு. நண்பரின் வீட்டில் பதிவிறக்கம் செய்துகொண்டு போய், பஸ்ஸில் கேட்டிருக்கிறார். அவர்மீது எந்தத் தவறும் இல்லை. பதிவிறக்கப் பொத்தானைத் திறந்து வைத்தது நான்தான். அவரிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் காதில் விழுந்ததைத் திரும்பப் பெற முடியவில்லை.

இனி வெட்டும் வேலைக்கு வருவோம். அதே பட்டியலில் வகுப்பின் தலைப்பைச் சொடுக்கினால் அந்தப் பதிவின் பக்கம் திறக்கும். அதில் காணொளியின் படத்தைச் சொடுக்கினால் ஓட்டிப் பார்க்கும் திரை வரும். அந்தத் திரையின் கீழ்ப்பகுதியில், ஒலி அளவு, முழுத்திரை போன்ற குறிகளோடு கத்தரிக்கோலும் இருக்கும். மாணவர்களுக்கு அனுப்பிய இணைப்பைத் திறந்துவிட்டு, "கத்தரிக்கோலைக் காணவில்லையே" என்று தேடுபவர்கள் உண்டு. உரிமையாளராக உங்கள் கணக்குக்குள் நுழைந்து, உங்கள் பதிவுப் பட்டியல் வழியாகத்தான் போக வேண்டும். வேறொருவர் இணை நடத்துநராக இருந்து பதிவுப் பொத்தானை அழுத்தியிருந்தாலும், கிளவுடு பதிவு கூட்டத்தை நடத்துபவரின் கணக்கில்தான் சேரும், வெட்டுவதும் அங்கேதான்.

கத்தரிக்கோலை அழுத்துவதற்கு முன், வெட்டும் இடங்களை ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். இதைச் செய்யாமல் நேரடியாகப் பட்டையை இழுத்து இழுத்துத் தேடுவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுபோல் ஆகிவிடும். காரணம் எளிய கணக்கு. உங்கள் பதிவு 84 நிமிடம், அதாவது 5,040 விநாடி. திரையில் அந்த நேரப்பட்டை ஆயிரம் புள்ளி அகலம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு புள்ளிக்கு ஐந்து விநாடி. சுட்டியைப் பிடித்திருக்கும் கை இரண்டு புள்ளி நடுங்கினால் பத்து விநாடி முன்பின் ஆகிவிடும். பிரவுசர் சாளரத்தை முழு அகலத்துக்கு விரித்துக்கொண்டால் பட்டையும் நீளும், கையின் துல்லியமும் கூடும். மடிக்கணினியின் தொடுபலகையைவிடச் சுட்டி இதற்கு ஏற்றது.

உங்கள் பதிவையே எடுத்துக்கொள்வோம். ஓட்டிக் கேட்கும்போது, அந்த அம்மாவின் பேச்சு 4ஆம் நிமிடத்தில் தொடங்கி 9 நிமிடம் 30 விநாடியில் முடிகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு மூன்று மாணவர்கள் "சார், கேட்கிறதா?" என்கிறார்கள். 12 நிமிடம் 38ஆம் விநாடியில் நீங்கள், "சரி, இன்று மின்காந்தத் தூண்டல்" என்று ஆரம்பிக்கிறீர்கள். அந்தச் சொல்லின் தலையிலேயே வெட்டப் பார்க்காதீர்கள். மூன்று விநாடி தவறினாலும் "காந்தத் தூண்டல்" என்றுதான் பதிவு தொடங்கும். ஓரிரு விநாடி மௌனம் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். 12 நிமிடம் 35ஆம் விநாடி என்று தாளில் எழுதிக்கொள்ளுங்கள். மறைக்க வேண்டிய பேச்சுக்கும் இந்த இடத்துக்கும் நடுவே மூன்று நிமிட இடைவெளி இருப்பதால், கை கொஞ்சம் பிசகினாலும் ஆபத்தில்லை. ஒருவேளை அந்தப் பேச்சு முடிந்த மறு விநாடியே வகுப்பு தொடங்கியிருந்தால், வகுப்பின் முதல் வாக்கியத்தை இழந்தாலும் பரவாயில்லை என்று உள்ளே தள்ளி வெட்டுவதே சரி.

கடைசியிலும் இப்படித்தான். வீட்டுப்பாடம் சொல்லி, "நன்றி, நாளை பார்ப்போம்" என்று முடிப்பது 1 மணி 17 நிமிடம் 6ஆம் விநாடியில் என்றால், 1 மணி 17 நிமிடம் 10ஆம் விநாடியைக் குறித்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் "நன்றி சார்" என்று சொல்வது அந்த நான்கு விநாடிக்குள் வந்துவிடும். அது இருக்கட்டும், வகுப்பு முழுமையாக முடிந்த உணர்வைத் தரும்.

இப்போது கத்தரிக்கோலை அழுத்துங்கள். நேரப்பட்டையின் இரு முனைகளிலும் பிடிகள் தோன்றும். இடப்பக்கப் பிடியை 12 நிமிடம் 35 விநாடிக்கு இழுத்து வையுங்கள். வலப்பக்கப் பிடியை 1 மணி 17 நிமிடம் 10 விநாடிக்கு உள்ளே கொண்டுவாருங்கள். இரண்டுக்கும் நடுவே உள்ள 64 நிமிடம் 35 விநாடிதான் மாணவர்கள் பார்க்கப்போகும் வகுப்பு. Save என்பதை அழுத்தினால் முடிந்தது. அழுத்தாமல் பக்கத்தை மூடிவிட்டால் எதுவும் பதியாது. "வெட்டினேனே, மறுநாள் பார்த்தால் பழையபடியே இருக்கிறது" என்று வருபவர்களிடம் நான் முதலில் கேட்பது இதைத்தான். காணொளி புதிதாக உருவாக்கப்படுவதில்லை என்பதால் காத்திருக்கவும் வேண்டியதில்லை. இணைப்பும் மாறாது. நேற்று நீங்கள் குழுவில் போட்ட அதே இணைப்பைத் திறப்பவருக்கு, பகிர்வை மறுபடி திறந்துவிட்டதும், வெட்டிய வடிவம்தான் ஓடும்.

இந்தக் கருவியால் முடிவது இவ்வளவே. தலையையும் வாலையும் மறைக்கலாம். நடுவில் கை வைக்க முடியாது. பாடத்தின் நடுவே மின்சாரம் போய் ஐந்து நிமிடம் நின்றிருந்தால், அந்த ஐந்து நிமிடத்தைக் கத்தரிக்கோலால் எடுக்க வழியில்லை. ஒரே ஒரு தொடர்ச்சியான பகுதியைத்தான் அது காட்டும்.

மறைந்தது என்று நினைக்கும் பேச்சு வேறு வழிகளில் எட்டிப்பார்க்கும் இடங்களை இப்போது சொல்கிறேன். பதிவின் பக்கத்துக்குத் திரும்பிப் போய் அங்கே என்னென்ன கோப்புகள் இருக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள். உங்கள் அமைப்பைப் பொறுத்து, காணொளியோடு ஒலி மட்டும் உள்ள எம்4ஏ கோப்பு, பேச்சின் எழுத்துப்படி, உரையாடல் பெட்டியில் தட்டச்சு செய்தவற்றின் கோப்பு ஆகியவையும் இருக்கும். இவை தனித்தனிக் கோப்புகள். காணொளிக்கு நீங்கள் வைத்த எல்லை இவற்றை வெட்டுவதில்லை. அந்த அம்மா பேசியது ஒலிக்கோப்பில் அப்படியே இருக்கும். எழுத்துப்படி எடுக்கப்பட்டிருந்தால் அதில் வரிவரியாகவும் இருக்கும். மாணவர்களுக்கு வேண்டியது காணொளி மட்டும்தான் என்றால், ஒலிக்கோப்பையும் எழுத்துப்படியையும் உங்கள் பக்கத்திலேயே அழித்துவிடுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் தனியாக அழிக்கும் குறி உண்டு. எழுத்துப்படி பிறகு உங்களுக்குத் தேவைப்படும் என்றால், குறைந்தது பகிர்வு அமைப்பில் பார்ப்பவர்களுக்கு அது தெரியாதபடி அணைத்துவையுங்கள்.

காணொளியே ஒன்றுக்கு மேற்பட்டதாக இருக்கவும் வாய்ப்புண்டு. கணக்கு அமைப்பில் பேசுபவர் காட்சி, எல்லார் முகமும் தெரியும் காட்சி, திரைப்பகிர்வோடு கூடிய காட்சி என்று எல்லாவற்றுக்கும் குறி போட்டிருந்தால் அத்தனைக்கும் தனித்தனிக் காணொளி உருவாகும். ஒன்றை வெட்டிவிட்டு மற்றவற்றை மறந்துவிடாதீர்கள். ஒவ்வொன்றையும் திறந்து தலையும் வாலும் சரியா என்று பாருங்கள். வகுப்புக்குத் திரைப்பகிர்வோடு கூடிய காட்சி ஒன்றே போதும், மற்றதை அழித்துவிடலாம் என்பது என் கருத்து.

இவ்வளவும் முடிந்த பிறகு சோதனை. நீங்கள் உள்நுழைந்திருக்கும் சாளரத்தில் சோதித்தால் உரிமையாளரின் கண்ணால்தான் பார்ப்பீர்கள். மாணவரின் கண்ணால் பார்க்க வேண்டும். பிரவுசரில் இன்காக்னிட்டோ எனப்படும் தனிமறைவுச் சாளரம் ஒன்றைத் திறந்து, வாட்ஸ்அப்பில் போட்ட இணைப்பை ஒட்டி, கடவுச்சொல்லைக் கொடுத்து நுழையுங்கள். முதலில் கேட்பது "சரி, இன்று மின்காந்தத் தூண்டல்" என்பதாக இருக்க வேண்டும். கடைசி ஒரு நிமிடத்துக்குத் தாவிப் போய், "நன்றி சார்" என்பதோடு நிற்கிறதா என்று கேளுங்கள். பதிவிறக்கப் பொத்தான் எங்காவது தெரிகிறதா, பக்கவாட்டில் எழுத்துப்படி ஓடுகிறதா என்று திரையின் நான்கு மூலைகளையும் பாருங்கள்.

சாதாரண வகுப்புக்கு இத்துடன் வேலை முடிந்தது. காத்திருந்த நேரமும் வீண்பேச்சும் தெரியாமல் போனால் போதும் என்பவர்களுக்கு இந்தக் கத்தரிக்கோல் மிக நல்ல கருவி. நான் வாரம் தவறாமல் பயன்படுத்துகிறேன். உங்கள் பதிவு அப்படிப்பட்டதன்று. ஒரு பையனின் உடல்நலம் பற்றி அவன் தாய் உங்களை நம்பிச் சொன்னது அதில் இருக்கிறது. பின்னாளில் யாராவது, அல்லது நீங்களே மறதியாக, பதிவிறக்க அனுமதியைத் திறந்துவிட்டால் அது வெளியே வந்துவிடும். இப்படிப்பட்ட பேச்சு உள்ள பதிவை மடித்து வைக்கக் கூடாது, உண்மையாகவே வெட்ட வேண்டும்.

அதற்கு நீங்கள் உரிமையாளராக முழுப் பதிவையும் உங்கள் கணினியில் இறக்கிக்கொண்டு, அங்கே வெட்ட வேண்டும். கணினியில் உள்ள எந்தக் காணொளித் தொகுப்பு மென்பொருளும் போதும். கட்டளை வரியில் காணொளியை வெட்ட உதவும் எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளை நிறுவியிருந்தால் ஒரே வரி. தாளில் குறித்த அதே நேரங்களைக் கொடுங்கள்:

```
ffmpeg -ss 00:12:35 -to 01:17:10 -i vaguppu.mp4 vettiyathu.mp4
```

இந்தக் கட்டளையோடு `-c copy` என்று சேர்த்தால் வேலை சில விநாடியில் முடியும் என்று பலர் சொல்வார்கள். வேகம் உண்மைதான். ஆனால் அப்படிச் செய்தால் நீங்கள் சொன்ன நொடியில் வெட்டாமல் அதற்கு முன்னால் முழுப் படமாகச் சேமிக்கப்பட்டுள்ள சட்டகம் ஒன்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். மறைக்க வேண்டியதில் சில விநாடி கோப்புக்குள் ஒட்டிக்கொண்டு வரலாம். அந்தரங்கமான பேச்சை எடுக்கும்போது நேரம் பிடித்தாலும் முழுசாக மறுகுறியாக்கம் செய்வதே, அதாவது காணொளியைப் புதிதாக உருவாக்குவதே நல்லது. மேலே உள்ள வரி அதைத்தான் செய்கிறது.

வெட்டிய புதிய கோப்பை ஒருமுறை ஓட்டிப் பார்த்துவிட்டு, யூடியூபில் பட்டியலிடாத காணொளியாகவோ கூகுள் டிரைவிலோ ஏற்றி, புதிய இணைப்பைக் குழுவில் போடுங்கள். பிறகு ஜூமில் உள்ள பழைய பதிவை அழித்துவிடுங்கள். அழித்ததும் பழைய இணைப்பு செத்துவிடும். அழித்தது குப்பைத்தொட்டிக்குப் போய் 30 நாள் அங்கேயே இருக்கும், அதுவரை மீட்டுக்கொள்ள முடியும். உடனே போய்விட வேண்டும் என்றால் குப்பைத்தொட்டிக்குள்ளும் போய் நிரந்தரமாக அழியுங்கள். உங்கள் கணினியில் இறக்கிய முழுக்கோப்பு இன்னும் இருக்கிறது என்பதையும் மறந்துவிடாதீர்கள்.

நேற்றிரவிலிருந்து இன்றுவரை யாராவது பதிவிறக்கம் செய்திருந்தால், அவர்கள் கையில் இருக்கும் கோப்பை எந்தக் கத்தரிக்கோலும் எட்டாது. பதிவிறக்க அனுமதி நேற்று திறந்திருந்ததா என்று பார்த்துக்கொள்ளுங்கள். திறந்திருந்தால் அந்த அம்மாவிடம் நீங்களே பேசிச் சொல்லிவிடுவது நல்லது. வேறொருவர் வாயிலாக அவருக்குத் தெரிய வேண்டாம்.

அடுத்த வகுப்புக்கு ஒரு யோசனை. உங்கள் 12 நிமிடத் தலை உருவானதற்குக் காரணமே தானியங்கிப் பதிவுதான். நீங்கள் கூட்டத்துக்குள் நுழைந்த உடனே அது ஓடத் தொடங்கிவிடுகிறது. அதை அணைத்துவிட்டு, பாடம் தொடங்கும்போது Record அழுத்துங்கள். மறந்துவிடுவோம் என்ற பயம் இருந்தால் தானியங்கியாகவே இருக்கட்டும். ஆனால் பெற்றோர் யாராவது பேச வந்ததும் Pause அழுத்திவிட்டு, பிறகு தொடருங்கள். Pause செய்து தொடர்ந்தால் எல்லாம் ஒரே கோப்பாக வரும். Stop அழுத்தி மறுபடி தொடங்கினால் இரண்டு தனித்தனிப் பதிவுத் துண்டுகளாக வந்து சேரும். அப்போது வெட்டுவதையும் ஒவ்வொரு துண்டுக்கும் தனியாகச் செய்ய வேண்டியிருக்கும். அதிலும் ஒரு வசதி உண்டு: தேவையற்ற பேச்சு முழுவதும் முதல் துண்டிலேயே அடங்கிவிட்டால், அந்தத் துண்டை அப்படியே அழித்துவிடலாம். கத்தரிக்கோலே வேண்டியதில்லை.